12/01/2019: பட்டியலில் விடுபட்ட மூன்று பிள்ளைகள்



தரம் 1 விண்ணப்பங்கள் அலுவலக மேசையில் கட்டுக் கட்டாகச் சேரும் காலம் இது. அந்தக் கட்டைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு உம்மாவின் முகம் ஞாபகம் வரும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் விட்ட பிழை அது. யாரும் கள்ளம் செய்யவில்லை. யாரும் அசட்டையாக இருக்கவுமில்லை. மூன்று பேர் இருந்து, இரவு விழித்து, ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் செய்த வேலை. அப்படி இருந்தும் மூன்று பிள்ளைகளின் பெயர் விடுபட்டது. வரக்கூடாத ஒரு பிள்ளையின் பெயர் உள்ளே வந்தது. காரணம் எக்ஸெலில் திகதி அடித்த விதம்.

எங்கள் ஊரில் இப்போது எல்லாரும் எக்ஸெலில் பட்டியல் வைத்திருக்கிறோம். விளையாட்டுக் கழகத்தில் வயதுப் பிரிவு, சங்கத்தில் சந்தா கட்டிய திகதி, கடையில் கடன் வாங்கிய திகதி என்று எல்லாம் அதில்தான் கிடக்கிறது. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டு தரம் 1 அனுமதிக்கான வேலை அது. சேர்க்கும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதாவது 2019 ஜனவரி 31 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும். எங்களுக்கு 96 விண்ணப்பங்கள் வந்தன. அந்த முறை பழைய மாணவர்கள் வாங்கித் தந்த புது லெப்டொப் ஒன்று இருந்தது. எங்களில் ஒரு டீச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு இரவில் 96 பேரின் விபரத்தையும் அடித்து முடித்தார். பிறந்த திகதியை விண்ணப்பத்தில் உள்ள மாதிரியே அடித்தார்: முதலில் நாள், பிறகு மாதம், பிறகு வருடம். நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் இருந்து எழுதிப் பழகிய முறை அதுதானே.

அதிபர் பட்டியலை வயது ஒழுங்கில் கேட்டார். திகதி நிரலைத் தெரிவு செய்து, பழையதில் இருந்து புதியதற்கு வரிசைப்படுத்தினோம். முதல் பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. நடுவில் போனதும் சிக்கல் தெரிந்தது. 13/02/2018, 13/06/2018, 13/11/2018, அதற்குக் கீழே 14/03/2018, 14/08/2018. பதின்மூன்றாம் திகதி பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு கூட்டம், பதினான்காம் திகதிக்காரர் அடுத்த கூட்டம். வருடத்தையும் மாதத்தையும் எக்ஸெல் கணக்கில் எடுக்கவே இல்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடப்பக்கத்தில் இருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடுக்கி இருந்தது.

நாங்கள் அதைக் கண்டோம். ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. வயது விதியைப் பார்க்க, பக்கத்து நிரலில் இப்படி ஒரு சூத்திரம் போட்டுப் பார்த்தோம்:

```
=IF(D2<=DATE(2019,1,31),"OK","UNDER")
```

96 பேரில் 62 பேருக்கு UNDER என்று வந்தது. 2018 ஜூலையில் பிறந்த பிள்ளைக்கும் வயது போதாதாம். இது பிழை என்று யாருக்கும் தெரியும். கணக்குப் பாடம் எடுக்கும் சேர் ஒருவர் அன்று பின்நேரம் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்டுபிடித்தது சரிதான். 58 கலங்களில் இருந்தவை திகதியே இல்லை, வெறும் எழுத்து.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எக்ஸெலுக்குத் திகதி என்பது ஒரு எண். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து, அங்கிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறது. அந்தக் கணக்கில் 2019 ஜனவரி 12 என்பது 43477. ஜனவரி 31 என்பது 43496. நாங்கள் திரையில் காண்கிற சாய்கோடும் மாதமும் அந்த எண்ணுக்குப் போட்ட உடுப்புத்தான். எண்ணாக இருந்தால் பெரிது சிறிது பார்க்கலாம், வரிசைப்படுத்தலாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம். நாங்கள் அடித்ததைத் திகதி என்று எக்ஸெல் அடையாளம் காணாவிட்டால், எண்ணாக மாற்றாமல், பெயர் மாதிரி எழுத்தாகவே வைத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால், எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது என்பது எக்ஸெலின் சட்டம். அதனால்தான் எழுத்தாகக் கிடந்த 58 பேரும் ‘ஜனவரி 31ஐ விடப் பெரிய’ திகதி ஆகி, வயது போதாதவர்கள் ஆனார்கள். வரிசைப்படுத்தும்போதும் எண்கள் முதலில், எழுத்துக்கள் கடைசியில். முதல் பக்கம் மட்டும் ஒழுங்காகத் தெரிந்ததற்கும் அதுவே காரணம்.

சேர் முதலில் அந்தக் கலங்களைத் தெரிவு செய்து Format Cells இல் Date என்று மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. அது உடுப்பை மாற்றும் இடம். உள்ளே இருப்பது எண் இல்லை என்றால், எந்த உடுப்பைக் கொடுத்தாலும் போடாது. இதைச் செய்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிறகு அவர் ஒரு கலத்தில் மாதத்தை முதலில் போட்டு 07/25/2018 என்று அடித்தார். உடனே கலத்தின் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. எக்ஸெல் அதை எண்ணாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது. எழுத்து இடப்பக்கம் நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். புது லெப்டொப் அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று வந்திருந்தது. அதற்கு 25/07/2018 என்றால் இருபத்தைந்தாம் மாதம். அப்படி ஒரு மாதம் இல்லை, ஆகவே திகதி இல்லை, ஆகவே எழுத்து.

இவ்வளவும் விளங்கியதும் அவர் 58 விண்ணப்பங்களையும் தேடி எடுத்து, ஒவ்வொரு திகதியையும் மாதம் முதலில் வரும்படி திரும்ப அடித்தார். நிரலில் எத்தனை எண் இருக்கிறது என்பதை COUNT சொல்லும். வெறுமையில்லாத கலம் எத்தனை என்பதை COUNTA சொல்லும். முன்பு இப்படிப் போட்டுப் பார்த்தபோது 38உம் 96உம் வந்தது:

```
=COUNT(D2:D97)
=COUNTA(D2:D97)
```

இப்போது இரண்டும் 96. வரிசைப்படுத்தினால் ஒழுங்காக வந்தது. UNDER என்று வந்தவர்கள் ஏழு பேர் மட்டும். 62 என்றால் யாரும் நம்ப மாட்டோம். ஏழு என்பது நம்பக்கூடிய எண். ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு பெற்றோர், ஒரு மாதம் இரண்டு மாதம்தானே குறைகிறது என்று விண்ணப்பம் போட்டுப் பார்ப்பது வழக்கம். நாங்கள் நம்பினோம். 89 பேரை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்து விளம்பரப் பலகையில் பட்டியலை ஒட்டினோம்.

நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் ஒரு உம்மா அலுவலகத்துக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

“சேர், மகன்ட பேர் போர்ட்ல இல்ல. ஏன் எண்டு கேட்டுட்டுப் போக வந்த.”

“பிறந்த திகதி என்ன ராத்தா?”

“ஜனவரி பன்னிரண்டு.”

அலுவலகத்துக் கொம்பியூட்டரில் பட்டியலைத் திறந்தோம். அவருடைய மகனுக்கு நேரே 01/12/2019 என்று இருந்தது.

“டிசம்பர் ஒண்டு எண்டு இருக்குதே. நாலு வயசுதானே ஆகுது.”

அவர் கைப்பையில் இருந்து பொலித்தீன் உறையில் போட்ட பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். “நான் பெத்த திகதி எனக்குத் தெரியாதா சேர்?”

விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தோம். 12/01/2019. சான்றிதழிலும் ஜனவரி 12தான். அடித்த டீச்சரைக் கூப்பிட்டோம். அவர் அழாத குறை. “நான் விண்ணப்பத்தில இருந்த மாதிரியேதான் அடிச்ச” என்று சொல்லி லெப்டொப்பைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். அதில் 12/1/2019 என்று இருந்தது. அவர் சொன்னது உண்மை. ஒரே பைல், ஒரே கலம். லெப்டொப்பில் 12/1, அலுவலகத்துக் கொம்பியூட்டரில் 01/12. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் மற்றப் பாதி விளங்கியது. 25/07 என்று அடித்தால் அந்த லெப்டொப்புக்கு விளங்காது, அதனால் எழுத்தாக விட்டது. 12/01 என்று அடித்தால்? அதற்கு நன்றாக விளங்கும். பன்னிரண்டாம் மாதம், முதலாம் திகதி. எந்தத் தயக்கமும் இல்லாமல் 43800 என்று, டிசம்பர் ஒன்றின் எண்ணாக, எழுதி வைத்துக்கொண்டது. காட்டும்போது அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் போட்டு 12/1/2019 என்று காட்டியது. அடித்த டீச்சருக்கு அது தான் அடித்த ஜனவரி 12 மாதிரியே தெரிந்தது. ஒரே ஒரு பூச்சியம் குறைந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு 96 பேரை அடிக்கிற ஒரு ஆளுக்கு அந்தப் பூச்சியம் எங்கே கண்ணில் படும்? அலுவலகத்துக் கொம்பியூட்டர் பிரித்தானிய முறையில் இருந்தது. அதே 43800ஐ அது நாள் முதலில் போட்டு 01/12/2019 என்று காட்டியது.

ஆக, திகதியின் நாள் 13க்கு மேலே, அல்லது 13 என்றால் எழுத்தாகிப் போனது. வரிசையைக் குழப்பி, 62 என்று கத்தி, தன்னைத்தானே காட்டிக் கொடுத்தது. நாள் 12க்குள் என்றால் மாதமும் நாளும் இடம் மாறி, சரியான திகதி மாதிரி வலப்பக்கம் போய் மரியாதையாக நின்றது. கணக்குச் சேர் திருத்தியது 58ஐ. மிச்சம் இருந்த 38ஐ யாரும் தொடவில்லை. அவை ஏற்கனவே சரி என்றுதானே நினைத்தோம்!

அந்த உம்மாவை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, மன்னிப்புக் கேட்டோம். பிறகு 38 விண்ணப்பங்களையும் மேசையில் பரப்பினோம்.

இடம் மாறிய திகதிகளில் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. 2018 மார்ச் 5 பிறந்த பிள்ளை 2018 மே 3 ஆகி இருந்தது. வயது ஒழுங்கில் கொஞ்சம் கீழே இறங்கி இருந்ததே தவிர, விதிக்குள்தான் இருந்தது. நாளும் மாதமும் மாறினாலும் வருடம் மாறாது என்பதால், 2018இல் பிறந்தவர்கள் எல்லாரும் தப்பினார்கள். அடிபட்டது 2019 ஜனவரியில் பிறந்தவர்கள். அதிலும் எல்லாரும் இல்லை. ஜனவரி 1 என்பது 01/01, திருப்பினாலும் அதுதான். ஜனவரி 13 முதல் 31 வரை எழுத்தாகக் கிடந்து, சேர் திருத்தியவற்றுக்குள் வந்துவிட்டது. ஜனவரி 2 முதல் 12 வரை, அந்தப் பதினொரு நாட்களில் பிறந்த பிள்ளைகள்தான் பெப்ரவரியில் இருந்து டிசம்பர் வரை சிதறி, வயது போதாதவர்கள் ஆனார்கள். எங்கள் பட்டியலில் அப்படி மூன்று பேர். ஏழில் மற்ற நான்கு பேர் உண்மையிலேயே வயது குறைந்தவர்கள்.

மூன்றில் ஒருவர் இந்த உம்மாவின் மகன். இரண்டாவது பிள்ளையின் வாப்பாவுக்குப் போன் எடுத்தோம். அன்றே வந்தார். மூன்றாவது வீட்டில் போன் எடுத்தவர் பிள்ளையின் மூத்தம்மா. “ஸ்கூல்ல பேர் வரல்ல எண்டதும் வேற இடத்துக்குப் பாத்துட்டாங்க சேர். பாடசாலை சொன்னா சரியாத்தானே இருக்கும் எண்டு யாரும் கேக்க வரல்ல” என்றார். அந்தப் பிள்ளை எங்களிடம் வரவில்லை. மற்ற இருவருக்கும் அதிபர் தனியாக நேர்முகப் பரீட்சை வைத்தார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருந்தது. ஒரு மகள் 2019 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்தவர். ஒரு நாள் பிந்திவிட்டது. உம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்தே, ஒரு நாள்தானே என்று விண்ணப்பம் போட்டிருந்தார். விண்ணப்பத்தில் 01/02/2019. லெப்டொப் அதை ஜனவரி 2 என்று எடுத்துக்கொண்டது. ஜனவரி 2 விதிக்குள் வரும். ஆகவே OK. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டு, வீடும் பாடசாலைக்குப் பக்கம் என்பதால் நல்ல புள்ளியும் எடுத்து, தற்காலிகப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. ஒரு நாள் என்று பார்த்துப் பாடசாலை மன்னித்துவிட்டது என்று அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. இல்லை என்று சொல்ல நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். புதுச் சப்பாத்துப் பெட்டி ஒன்று கதிரையில் இருந்தது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இனி, நாங்கள் எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறோம். எங்கள் பட்டியலுக்கு ஒரு வசதி இருந்தது. 96ஐயும் ஒரே ஆள், ஒரே லெப்டொப்பில், ஒரே முறையில் அடித்திருந்தார். பிறகு சேர் திரும்ப அடித்தவை எல்லாம் நாள் 13 அல்லது அதற்கு மேல். ஆகவே நிரலில் நாள் 12 அல்லது குறைவாக இருக்கிற ஒவ்வொன்றும் இடம் மாறியதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பக்கத்தில் ஒரு புது நிரல் போட்டு இப்படித் திருப்பினோம்:

```
=IF(DAY(D2)<=12,DATE(YEAR(D2),DAY(D2),MONTH(D2)),D2)
```

DATE என்பதற்கு வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் கொடுக்க வேண்டும். இங்கே மாதத்தின் இடத்தில் நாளையும், நாளின் இடத்தில் மாதத்தையும் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்திருக்கிறோம். அவ்வளவுதான். வந்த விடையை 38 விண்ணப்பங்களோடும் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்துச் சரிபிடித்தோம்.

உங்கள் பட்டியலில் இன்னும் யாரும் கை வைக்காமல், எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தால், இரண்டையும் ஒன்றாகவே சரிசெய்யலாம்:

```
=IF(ISNUMBER(D2),
 DATE(YEAR(D2),DAY(D2),MONTH(D2)),
 DATE(RIGHT(D2,4),MID(D2,4,2),LEFT(D2,2)))
```

எண்ணாக இருந்தால் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுகிறது. எழுத்தாக இருந்தால் கடைசி நான்கு எழுத்தை வருடமாகவும், நடு இரண்டை மாதமாகவும், முதல் இரண்டை நாளாகவும் வெட்டி எடுத்துத் திகதி செய்கிறது. இது 25/07/2018 என்று, பூச்சியமும் சேர்த்துப் பத்து எழுத்தாக அடித்திருந்தால் மட்டும் வேலை செய்யும். 25/7/2018 என்றோ, முன்னால் பின்னால் ஒரு இடைவெளியோ இருந்தால் வெட்டும் இடம் தவறிவிடும். சில வேளை பிழை என்று காட்டும், சில வேளை காட்டாமல் வேறு ஒரு திகதியைத் தரும். ஆகவே சூத்திரம் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. பாதியை ஒருவர் அமெரிக்க முறை லெப்டொப்பிலும், மறு பாதியை இன்னொருவர் பிரித்தானிய முறைக் கொம்பியூட்டரிலும் அடித்து, இரண்டையும் ஒட்டி ஒரே பட்டியல் ஆக்கியிருந்தால், மேலே சொன்ன எதுவும் உதவாது. 2018 மார்ச் 5 என்று ஒரு கலம் சொன்னால், அது உண்மையில் மார்ச் 5ஆ, இல்லை மே 3ஆ என்று அந்தக் கலத்துக்கே தெரியாது. உள்ளே இருப்பது ஒரு எண் மட்டும். அது எப்படி அடிக்கப்பட்டது என்ற நினைவு அதற்கு இல்லை. திருப்பும் சூத்திரத்தைப் போட்டால் சரியாக இருந்ததும் பிழையாகும். அந்த நிலையில் கடதாசிக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். இதனால்தான் அனுமதி வேலை முடிந்ததும் விண்ணப்பங்களைக் கட்டி மூலையில் போடாதீர்கள் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

உங்கள் பட்டியலைப் பார்க்க விரும்பினால், இடமா வலமா என்று பார்ப்பது இலேசான வழி. ஆனால் அழகுக்கு எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் அது தெரியாது. COUNT, COUNTA இரண்டையும் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வித்தியாசப்பட்டால் எழுத்து இருக்கிறது. ஒத்து வந்தால் எழுத்து இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், திகதி சரி என்று அர்த்தம் இல்லை. அதைத்தான் நாங்கள் தவறாக விளங்கிக்கொண்டோம். அடுத்ததாக, நிரல் முழுவதையும் தெரிவு செய்து Format Cells இல் Custom என்ற இடத்தில் dd-mmm-yyyy என்று கொடுங்கள். 12/1/2019 என்று பசப்பிக்கொண்டிருந்த கலம் 01-Dec-2019 என்று தன்னைக் காட்டிவிடும். உடுப்பு மாறாமல் அப்படியே நிற்கும் கலம் எழுத்து.

இலங்கையில் நாங்கள் 2019.01.12 என்றும் எழுதுவோம், அலுவலகக் கடிதங்களில் அதுதான் அதிகம். புள்ளி வைத்து அடித்தால் பெரும்பாலான கொம்பியூட்டர்களில் அதுவும் எழுத்தாகவே நிற்கும். வருடம் முதலில் வருவதால், எழுத்தாக இருந்தாலும் வரிசைப்படுத்தினால் ஒழுங்காக வரும். யாராவது ஒருவர் 2019.1.12 என்று பூச்சியம் இல்லாமல் அடிக்கும் வரைக்கும். அப்போது ஜனவரி 12 போய் செப்டெம்பருக்குக் கீழே உட்காரும். ஜனவரி 31ஓடு ஒப்பிடும் சூத்திரமோ, புள்ளி வைத்த எல்லாவற்றையும் எழுத்து என்று பார்த்து UNDER சொல்லிவிடும்.

இப்போது எங்கள் பாடசாலையில் லெப்டொப்பைத் திறந்ததும் முதல் வேலை, Control Panel இல் Region என்ற இடத்துக்குப் போய் English (United Kingdom) என்று இருக்கிறதா பார்ப்பது. கூகிள் ஷீட்ஸ் என்றால் File, Settings, Locale. அந்த அமைப்பு பைலோடு சேர்ந்தது, கொம்பியூட்டரோடு இல்லை. ஆனால் அமைப்பைத் திருத்துவது இனி அடிக்கப் போகிறதற்குத்தான். ஏற்கனவே இடம் மாறியதை அது திருப்பித் தராது. திகதி நிரலுக்கு dd-mmm-yyyy முன்கூட்டியே கொடுத்து வைக்கிறோம். அடிக்கிறவர் மாதத்தைச் சொல்லாகவே அடிப்பார், 12-Jan-2019 என்று. ஆங்கிலத்தில் இருக்கிற எந்தக் கொம்பியூட்டருக்கும் Jan என்பது ஜனவரிதான், அதை நாளாக எடுக்க வழியில்லை. Data Validation போட்டு, குறிப்பிட்ட இரண்டு திகதிக்கு இடையில் மட்டும் ஏற்கும்படியும் செய்திருக்கிறோம். எழுத்தை அது உள்ளே விடாது. ஆனால் வட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பிரதி செய்து ஒட்டினால் அந்தக் காவல் வேலை செய்யாது. எல்லைக்குள்ளேயே இடம் மாறினதையும், மார்ச் 5 மே 3 ஆனதையும் அது பிடிக்காது. அதற்காகத்தான் இப்போதும் ஒருவர் சான்றிதழை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்க்கிறார். மாதத்தை எண்ணால் வாசிக்கக்கூடாது, பெயரால்தான் வாசிக்க வேண்டும் என்று அந்தக் கணக்குச் சேர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்.

பெப்ரவரி 1 பிறந்த மகளின் உம்மா அடுத்த வருடம் திரும்ப வந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து, “டீச்சர், அடிச்சுப் போட்டுக் காட்டுங்களேன்” என்றார். கதிரையைத் திருப்பிப் போட்டு அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தோம். 01-Feb-2019. இரண்டு முறை வாசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார்.